‘அவசரம், இன்றே அழையுங்கள்’: வேலை விளம்பரத்தை எப்படி வாசிப்பது?

முதலில் ஒரு விளம்பரம். நானே கோர்த்து எழுதியதுதான். ஆனால் பேஸ்புக் குழுக்களிலும் பஸ் ஸ்டாண்ட் சுவர்களிலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலும் இதன் அண்ணன் தம்பிகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

“அவசரம்! அவசரம்! கொழும்பில் இயங்கும் முன்னணி நிறுவனமொன்றுக்கு உடனடியாக ஆட்கள் தேவை. ஸ்டோர் கீப்பர், சுப்பர்வைசர், அலுவலக உதவியாளர் உட்படப் பல வெற்றிடங்கள். வயது 18 - 28, ஆண் பெண் இருபாலாரும். ஓ.எல் போதும். அனுபவம் தேவையில்லை, பயிற்சி வழங்கப்படும். மாதம் ரூபா 85,000 வரை உழைக்கலாம். தங்குமிட வசதி உண்டு. மலையகத்தவருக்கு முன்னுரிமை. இன்றே அழையுங்கள்.” கீழே ஒரு கைபேசி இலக்கம்.

ஹட்டனில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவன் நான். போட்டோ கொப்பி, ரீலோட், பயோடேட்டா டைப் பண்ணிக் கொடுப்பது, இவைதான் என் பிழைப்பு. இந்த மாதிரி விளம்பரத்தைப் போனில் காட்டி, “அண்ணே, இதுக்கு ஒரு பயோடேட்டா அடிச்சுத் தாங்க, இன்னைக்கே அனுப்பணுமாம்” என்று வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளம்பரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது யாரை வேண்டாம் என்கிறது என்பதை. உண்மையாகவே ஒரு கதிரை காலியாக இருக்கும் முதலாளிக்கு நூறு பேர் வந்து நிற்பது தொல்லை. அதனால் வரக்கூடாதவர்களை விளம்பரத்திலேயே தடுத்துவிடப் பார்ப்பார். “ஏ.எல் கணக்கியல் செய்திருக்க வேண்டும்”, “சிங்களம் பேச எழுதத் தெரிய வேண்டும்”, “மோட்டார் சைக்கிள் லைசன் அவசியம்”, “இரவு வேலைக்குச் சம்மதமானவர்கள் மட்டும்” என்று ஏதாவது ஒரு வேலி இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வரும் அரச வர்த்தமானியை எடுத்துப் பாருங்கள். வேலி மட்டும்தான் இருக்கும்: கல்வித் தகைமை, வயதெல்லை, சம்பள அளவுத்திட்டம், விண்ணப்ப முடிவுத் திகதி. வாசிக்கவே அலுப்பாக இருக்கும், ஆனால் ஒன்றும் ஒளிந்திருக்காது.

மேலே உள்ள விளம்பரமோ 28 வயதைத் தாண்டியவரைத் தவிர வேறு யாரையும் தடுக்கவில்லை. ஓ.எல் போதும், அனுபவம் வேண்டாம், ஆணும் சரி பெண்ணும் சரி. அவர்களுக்கு வேண்டியது ஒரு வேலைக்குப் பொருத்தமான ஆள் இல்லை, தலை எண்ணிக்கை. எதற்காக என்பதை ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம்.

‘அவசரம்’ என்ற சொல்லைக் கண்டதும் பயப்படத் தேவையில்லை. அவசரத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஏப்ரல் வசந்த காலத்துக்கு முன்னால் நுவரெலியா ஹோட்டல்களுக்கு ரூம் பாய், சமையல் உதவியாளர் எல்லாம் அவசரமாகத்தான் தேவைப்படும். தீபாவளிக்கு முதல் மாதம் புடவைக் கடைக்காரர்களும் அப்படித்தான் ஆள் தேடுவார்கள். இருந்த டிரைவர் திடீரென்று வெளிநாடு போய்விட்டால், லொறியை நிறுத்தி வைத்திருக்கும் முதலாளிக்கும் அவசரம். இந்த அவசரங்களுக்கெல்லாம் காரணம் வெளியே தெரியும், ஆள் கணக்கும் தெரியும். “சீசனுக்கு ரூம் பாய் 2 பேர், ஏப்ரல் முடியும் வரை” என்பது அவசரம்தான். ஆனால் எதற்கு, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று அதிலேயே இருக்கிறது.

காரணம் தெரியாத அவசரத்தைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். விளம்பரத்தில் உள்ள கைபேசி இலக்கத்தை அப்படியே பேஸ்புக் தேடலிலும் கூகிளிலும் போட்டுப் பாருங்கள். போன மாதம் பதுளைக் குழுவில், அதற்கு முந்திய மாதம் வவுனியாக் குழுவில், இப்போது ஹட்டன் குழுவில் என்று அதே இலக்கம், அதே வசனம், அதே ‘உடனடி’ வந்து நிற்கிறதா? அப்படியென்றால் அந்த இடத்தில் ஆட்கள் சேர்ந்த வேகத்திலேயே கழன்று போகிறார்கள். நல்ல வேலையை விட்டு மாதா மாதம் யாரும் ஓடுவதில்லை. முடிவுத் திகதி இல்லாமல் எப்போதும் அவசரமாகவே இருக்கும் விளம்பரம் அந்த ஓட்டத்தைத்தான் காட்டுகிறது.

‘இன்றே’ என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நீங்கள் வீட்டில் கேட்கக்கூடாது, தெரிந்த ஒருவரிடம் காட்டக்கூடாது, பெயரைத் தேடிப் பார்க்கக்கூடாது. அதற்கெல்லாம் ஒரு நாளாவது வேண்டும். அந்த ஒரு நாளை உங்களிடமிருந்து எடுத்துவிடுவதுதான் அதன் நோக்கம்.

அடுத்தது வேலையின் பெயர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்டோர் கீப்பர், சுப்பர்வைசர், அலுவலக உதவியாளர் மூன்றும் மூன்று விதமான வேலை. ஸ்டோர் கீப்பர் வந்த சாமானை பில்லோடு ஒத்துப் பார்த்துப் பொறுப்பெடுக்க வேண்டும், ஸ்டொக் புத்தகம் எழுத வேண்டும், மாதக் கடைசியில் எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சுப்பர்வைசர் என்றால் கீழே ஆட்கள் இருப்பார்கள், அவர்களை வேலை வாங்கிய பழக்கம் வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே தகைமை, ஒரே சம்பளம், அனுபவமே வேண்டாம் என்றால், மூன்று பெயருக்கும் பின்னால் இருப்பது ஒரே வேலையாகத்தான் இருக்கும். அது இந்த மூன்றில் எதுவும் இல்லை.

பெரும்பாலும் அது வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்பது. போய் வந்த பிள்ளைகள் சொல்லும் கதை ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. முதல் நாள் ‘இன்டர்வியூ’வில் எல்லோரும் தெரிவாகிவிடுவார்கள். பிறகு பயிற்சி என்று சில நாள் கைதட்டலும் பேச்சும். போடிங்குக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று கையில் இருந்த காசு போகும். அதன் பிறகு தோளில் ஒரு பை, பைக்குள் சமையல் சாமானோ வாசனைத் திரவியமோ. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. சில இடங்களில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால்தான் ‘சுப்பர்வைசர்’ ஆகலாம் என்பார்கள். சேருவதற்குக் காசு கட்டி, மேலும் ஆள் சேர்ப்பதால் வருமானம் வருகிற பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்கிறது. அதில் இழுபட்டுப் போனால், ஊரில் இருந்து நீங்கள் கூட்டிப் போகும் நண்பனுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

விற்பனை வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. அதில் நன்றாக உழைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உண்மையான விற்பனை வேலைக்கான விளம்பரம் ‘சேல்ஸ் ரெப்’ என்று பெயர் சொல்லும், எந்தப் பொருள், எந்தப் பகுதி, பெற்றோல் காசு யாருடையது என்று சொல்லும். பெயரையே மறைத்தால், பெயரைச் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வேலை விபரம் தெளிவில்லாத விளம்பரம் எல்லாம் பொய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் டவுனில் ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் “கடைக்கு ஆள் தேவை” என்று மட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து எழுதிக் கதவில் தொங்கவிடுவார். சாமான் எடுத்துக் கொடுக்கவா, சீமெந்து மூட்டை இறக்கவா, பில் போடவா, ஒன்றும் அதில் இல்லை. அவருக்கு எழுத வராது, அவ்வளவுதான். ஆனால் கடை அங்கேயே இருக்கிறது, முதலாளி கவுண்டரில் இருக்கிறார், அங்கே முன்பு வேலை செய்தவன் உங்கள் தோட்டத்திலேயே இருப்பான். வேலை மட்டும் மங்கல், மற்றதெல்லாம் தெளிவு. மேலே உள்ள விளம்பரத்தில் வேலையும் மங்கல், நிறுவனத்தின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. தெளிவாக இருப்பவை இரண்டுதான்: அவசரமும் பணத்தொகையும். நல்ல விளம்பரத்திலும் ஒரு மங்கல் வரி வரலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆசை காட்டும் வரிகள் மட்டும் பளிச்சென்று இருந்து, நீங்கள் சரிபார்க்கக்கூடிய வரிகள் எல்லாம் மங்கலாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது அந்தத் தொகை. “85,000 சம்பளம்” என்று எழுதவில்லை. “85,000 வரை உழைக்கலாம்” என்று எழுதியிருக்கிறார்கள். ‘வரை’ என்பது கூரை. தரை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அது மாத முடிவில் வெறும் கையாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரியில் இருந்து இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. இவர்கள் கொஞ்சம் தாராளமாக அடிப்படைச் சம்பளம் 36,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடை, காரியாலய ஊழியருக்கு ஓ.டி கணக்குப் போடும்போது மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒரு மணித்தியாலச் சம்பளத்தை எடுப்பார்கள். 36,000ஐ 240ஆல் வகுத்தால் 150 ரூபா. ஓ.டிக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 225 ரூபா. 36,000இல் இருந்து 85,000க்குப் போக இன்னும் 49,000 வேண்டும். அதை 225ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 218 மணித்தியாலம் வருகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால், தினமும் எட்டு மணித்தியால வேலை முடிந்த பிறகு இன்னும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டும். கடை, காரியாலயச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை நேரம், அதற்கு மேல் ஓ.டி 12 மணித்தியாலம்தான் வாங்கலாம். அந்த அளவுக்குள் முழுதாகச் செய்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 11,700 ரூபாதான் கூடும்.

ஆக, ஓ.எல்லோடு அனுபவம் இல்லாமல் போகும் ஒருவருக்கு இந்த 85,000 ஓ.டியால் வரப்போவதில்லை. கமிஷனால்தான் வரவேண்டும். அதாவது அந்தத் தொகையை உழைப்பவர் நிறுவனத்தில் மிக நன்றாக விற்கும் ஒருவர், அதுவும் அவருக்கு வாய்த்த நல்ல மாதத்தில். விளம்பரத்தில் ‘அடிப்படைச் சம்பளம்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு சேர்த்து ஈ.பி.எஃப் பற்றியும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் இருந்து 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போடுவார். ஈ.டி.எஃப் 3 வீதம் முழுக்க முதலாளி தலையில், உங்களிடம் வெட்டக்கூடாது. 36,000 என்றால் உங்களிடம் 2,880 வெட்டுப்பட்டு 33,120 கைக்கு வரும். முதலாளி பக்கத்தில் இருந்து 4,320உம் 1,080உம் உங்கள் பெயருக்குப் போகும். சில விளம்பரங்களில் “நிரந்தரமான பின் ஈ.பி.எஃப்” என்று பெருமையாகப் போடுவார்கள். அது சலுகை இல்லை, சட்டத்தை மீறப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இருந்தே ஈ.பி.எஃப் கட்ட வேண்டும், பயிற்சிக் காலம் என்றாலும் சரி.

“தங்குமிட வசதி உண்டு” என்பதிலும் ஒரு சொல் குறைகிறது: ‘இலவசம்’. வசதி உண்டு என்றால் அறை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வாடகை, சாப்பாடு, கரண்ட் எல்லாம் சம்பளத்தில் கழியலாம். ஒரு அறையில் எத்தனை பேர் என்பதும் அங்கே போய்த்தான் தெரியும்.

“மலையகத்தவருக்கு முன்னுரிமை” என்ற வரியை வாசிக்கும்போது எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் வரும், நம்மையும் ஒருவர் கூப்பிடுகிறாரே என்று. நல்ல மனதோடு போடுகிறவர்களும் உண்டு. மலையக முதலாளிகள் கொழும்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகளை எடுப்பார்கள். ஆனால் பெயரே சொல்லாத ஒருவர் இதைப் போட்டால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். வீடு ஐந்தாறு மணித்தியாலத் தூரத்தில், கொழும்பில் தெரிந்தவர் இல்லை, திரும்பி வரப் பஸ் காசும் கையில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை பிடிக்காவிட்டாலும் உடனே எழும்பி வராது. அவர்களுக்கும் அது தெரியும்.

இவ்வளவு பார்த்த பிறகும் விளம்பரத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஒரே ஒரு வட்ஸ்அப் அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் முழுப் பயோடேட்டாவையும் அடையாள அட்டைப் படத்தையும் முதல் செய்தியிலேயே அனுப்பக் கூடாது. தலவாக்கலைப் பக்கம் இருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு நான் அடித்துக் கொடுத்தது இப்படி:

“வணக்கம். உங்கள் விளம்பரத்தில் உள்ள ஸ்டோர் கீப்பர் வேலை பற்றி எழுதுகிறேன். நான் ஏ.எல் முடித்திருக்கிறேன், சிங்களம் பேசுவேன். விண்ணப்பிக்க முன் நான்கு விடயங்களை அறியத் தருவீர்களா? நிறுவனத்தின் பதிவுப் பெயரும் முகவரியும் என்ன? ஸ்டோர் கீப்பரின் தினசரி வேலையும் நேரமும் என்ன? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஈ.பி.எஃப் முதல் மாதத்தில் இருந்தே உண்டா? தங்குமிடத்துக்கோ பயிற்சிக்கோ நான் ஏதாவது பணம் கட்ட வேண்டுமா? நன்றி.”

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது, குரல் செய்தியாக. “தங்கச்சி, அதெல்லாம் நேர்ல வாங்க சொல்றோம். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துருங்க. வரும்போது ஐடென்டி கார்ட், சேர்ட்டிபிகேட் ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டு வாங்க, உடுப்பும் கொண்டாங்க.” அவள் விடவில்லை. “வேலை என்னன்னு மட்டும் சொல்லுங்க சேர்” என்று கேட்டாள். “மார்க்கெட்டிங் மாதிரித்தான், ஈசியான வேலை” என்று வந்தது. ஸ்டோர் கீப்பர் அதற்குள் காணாமல் போய்விட்டார்.

பதிலை வாசிப்பதும் விளம்பரத்தை வாசிப்பது போலத்தான். நான்கு கேள்விக்கும் பதில் வர வேண்டும் என்றில்லை. பிஸியான முதலாளி இரண்டுக்குத்தான் பதில் போடுவார், அதுவும் அரை வரியில். “பேசிக் 35, ஈ.பி.எஃப் உண்டு, 8 - 5” என்று வந்தால் அது நல்ல பதில். சம்பளத்தை நேரில் பேசலாம் என்பதும் குற்றமில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்ல எவருக்கும் ஒரு நொடி போதும். அதைக்கூட நேரில்தான் சொல்வோம் என்றால், இன்டர்வியூவுக்கே உடுப்புப் பையோடு வா என்றால், ஒரிஜினல் சான்றிதழைக் கொண்டு வா என்றால், அந்தப் பயணத்தை நான் வேண்டாம் என்பேன். ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. அவர்கள் கையில் அது இருக்கும் வரை வேலையை விட்டு வர உங்களுக்கு மனம் வராது.

பெயர் கிடைத்தால் அடுத்த வேலை அதைத் தேடிப் பார்ப்பது. வரையறுக்கப்பட்ட கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eroc.drc.gov.lk தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். தனியார் கம்பனிகளின் பதிவு இலக்கம் PV என்று தொடங்கும். இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. பதிவு இருக்கிறது என்றால் அந்தப் பெயரில் ஒரு கம்பனி இருக்கிறது என்றுதான் அர்த்தம், அது ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறது என்பதில்லை. பதிவு அங்கே இல்லை என்றாலும் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தனி ஆள் நடத்தும் கடைகள் வியாபாரப் பெயராகப் பிரதேச செயலகம் வழியாகப் பதிந்திருப்பார்கள், அவை இந்தத் தளத்தில் வராது. அந்த மாதிரி இடத்துக்கு முகவரியை வாங்கி, கொழும்பில் இருக்கும் ஒரு மாமாவையோ நண்பனையோ அந்தப் பக்கம் போகும்போது ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்வதுதான் வழி.

வெளிநாட்டு வேலை விளம்பரம் என்றால் இவ்வளவு யோசிக்கவே தேவையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன் இலக்கம் விளம்பரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சே வேண்டாம். இருந்தாலும் அது உண்மையான இலக்கமா, அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள். “விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு வரி வந்தால் போனை வைத்துவிடலாம்.

எல்லாம் சரியாகப் பட்டு விண்ணப்பம் அனுப்புவது என்று முடிவானால், அதற்கு முதல் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதி தெரியும்படி வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வட்ஸ்அப் பதில்களை அழிக்காதீர்கள், குரல் செய்திகளையும் சேர்த்துத்தான். பேஸ்புக் விளம்பரத்தை அழிக்க அவர்களுக்கு ஒரு தட்டுத்தான் செலவு. வேலைக்குச் சேரும் நாளிலேயே சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் எழுதிய கடிதத்தைத் தர வேண்டும் என்று கடை, காரியாலயச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதத்தில் ஸ்டோர் கீப்பர் என்று இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம் வட்ஸ்அப்பில் சொன்னதுதானா என்று ஸ்கிரீன்ஷொட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடிதமே தரவில்லை, சொன்ன சம்பளமும் வரவில்லை என்று பின்னால் தொழில் அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால், கையில் காட்ட இருப்பது அந்தப் படங்கள்தான்.